எண்ணம் எப்போது கெட்டது? ஏமாற்றும் நம்பிக்கை மோசடியும் பிரியும் இடம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. பலசரக்கு, துணி, பாத்திரம், பொன் என்று அங்கே நடக்கும் மொத்த வியாபாரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பல தலைமுறைப் பங்கு உண்டு. கடைத்தெருவின் இயல்புப்படி சரக்கு முதலில் போகும், பணம் பிறகு வரும். பொன் கட்டியாகப் பட்டறைக்குப் போகும், நகையாகத் திரும்பும். பெரும்பாலும் இது நடந்துவிடுகிறது. நடக்காதபோது, பொருளை இழந்தவர் காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் ஒரு சொல்தான் இருக்கும்: மோசடி.

அந்த ஒரு சொல்லுக்குள் சட்டம் இரண்டு குற்றங்களை வைத்திருக்கிறது, குற்றமே இல்லாத மூன்றாவது நிலை ஒன்றையும் வைத்திருக்கிறது. மூன்றையும் பிரிப்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல் இதுதான்: கெட்ட எண்ணம் எப்போது பிறந்தது? பொருளை வாங்கும்போதே இருந்ததா, கைக்கு வந்த பிறகு வந்ததா? இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் தாங்குகிறது, எங்கே முறிகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மொழியில் ஒரு குழப்பம்

இந்திய தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு ஏமாற்றுதலையும், 405ஆம் பிரிவு குற்றமுறு நம்பிக்கை மோசடியையும் வரையறுத்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 318, 316 ஆகிய பிரிவுகளாகிவிட்டன. வரையறைகள் பெரும்பாலும் பழையவையே. தண்டனை மட்டும் சில இடங்களில் கூடியிருக்கிறது. சாதாரண நம்பிக்கை மோசடிக்கு முன்பு 3 ஆண்டு வரை இருந்த சிறைத் தண்டனை இப்போது 5 ஆண்டு வரை. ஏமாற்றிப் பொருளைக் கைக்கொள்வதற்கு, அதாவது ஊரறிந்த அந்தப் பழைய 420க்கு, முன்போலவே 7 ஆண்டு வரை.

தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டையும் மோசடி என்றே எழுதுகின்றன. மலையாளத்தில் நம்பிக்கை மோசடிக்கு ‘விஸ்வாச வஞ்சன’, ஏமாற்றுதலுக்கு ‘சதி’. தமிழில் சதி என்றால் பலர் கூடிச் செய்யும் கூட்டுச் சூழ்ச்சி, சட்டத்தில் அது தனிக் குற்றம். தமிழில் யோசித்து மலையாளத்தில் மனு எழுதித் தரும் சாலை வியாபாரி எதைச் சொல்ல வந்தார், எது பதிவானது என்பதில் சிறு வழுக்கலுக்கு இடம் உண்டு. ஆனால் குழப்பத்துக்கு மொழி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலத்திலேயே வழக்காடுபவர்களும் இரண்டு பிரிவுகளையும் ஒரே மூச்சில் எழுதும் வழக்கம் நாடெங்கும் இருக்கிறது.

குதிரையை வாடகைக்கு எடுத்தவன்

நேரத்தை வைத்துக் குற்றத்தைப் பிரிக்கும் பழக்கம் இங்கிலாந்தின் திருட்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அங்கே திருட்டு என்றால் பிறர் கைவசம் இருப்பதை அவர் சம்மதமின்றி எடுப்பது. சம்மதத்தோடு கொடுக்கப்பட்ட பொருளை வைத்துக்கொண்டவன் திருடன் ஆகமாட்டான். ஏனென்றால் அவன் எதையும் எடுக்கவில்லை, கொடுத்ததைத்தான் வாங்கினான்.

இந்தப் பொத்தலை நீதிபதிகள் பல முறை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். 1473இல் ஒரு வண்டிக்காரர் சௌத்தாம்ப்டனுக்குக் கொண்டுசெல்லக் கொடுத்த பொதிகளை வழியில் உடைத்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். கட்டை உடைத்த நொடியில் புதிதாக ‘எடுத்தல்’ நடந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி, அதைத் திருட்டு என்றார்கள். 1779இல் பியர் என்பவர் சட்டனுக்குப் போய்வர ஒரு குதிரையை வாடகைக்கு எடுத்து, அன்றே விற்றுவிட்டார். அவரை நடுவர்களிடம் நிறுத்தியபோது கேள்வி நேரடியாகவே வந்தது. வாடகைக்குக் கேட்ட கணத்திலேயே விற்கும் எண்ணம் இருந்ததா? இருந்தது என்று நடுவர்கள் கண்டதால், வாடகை என்பது வெறும் சாக்கு, நடந்தது திருட்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். எண்ணம் பிறகு வந்திருந்தால் அன்றைய சட்டத்தில் அவர் தப்பியிருப்பார்.

அப்படித் தப்பியவரும் உண்டு. 1799இல் பேஸ்லி என்ற வங்கிக் காசாளர், வாடிக்கையாளர் கட்டிய பணத்திலிருந்து 100 பவுண்டு நோட்டைப் பெட்டியில் போடாமல் வைத்துக்கொண்டார். பணம் வங்கியின் கைவசத்துக்கு வரும் முன்பே அவர் கைக்கு வந்துவிட்டதால் அது திருட்டல்ல என்று விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டில் கையாடலைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. பொய் சொல்லிப் பொருள் பெறுவதைத் தண்டிக்கும் சட்டம் 1757இலேயே வந்திருந்தது. இப்படி இரண்டு குற்றங்களும் தனித்தனி விபத்துகளாகப் பிறந்தன. யாரும் உட்கார்ந்து ஒரே வரைபடத்தில் இவற்றைப் பிரித்து வரையவில்லை. இன்றைய குழப்பத்தின் வேர் ஒன்று இதில் இருக்கக்கூடும்.

மெக்காலே காட்டிய அவுரி

1837இல் மெக்காலே தலைமையில் வரையப்பட்டு, 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் இந்தப் பழைய ஒட்டுகளை ஓரளவு சீர்செய்தது. அதன் சிறப்பு விதிகளுக்குக் கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது.

415ஆம் பிரிவின் ஓர் எடுத்துக்காட்டு அவுரிச் செடியைப் பற்றியது. ஒருவன் இத்தனை அவுரி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறான், தரும் எண்ணம் அவனுக்கு இல்லை. இது ஏமாற்று. பணம் வாங்கும்போது தரும் எண்ணம் இருந்து, பிறகு ஒப்பந்தத்தை மீறிச் செடியைத் தரவில்லை என்றால்? அது ஏமாற்று அல்ல, உரிமையியல் வழக்குக்கு மட்டுமே அவன் பொறுப்பு. வாங்கிய பணம் ஒன்று, தராத செடி ஒன்று, ஏமாந்தவர் நிலை ஒன்று. மனத்துக்குள் இருந்த எண்ணத்தின் தேதி மட்டும் வேறு. அதை வைத்தே ஒருவன் சிறைக்குப் போகிறான், மற்றவன் கடனாளியாக மட்டும் நிற்கிறான்.

405ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகள் வேறு மாதிரி. ஊருக்குப் போகும் ஒருவர் தன் வீட்டுச் சாமான்களைக் கிடங்குக்காரரிடம் விட்டுச் செல்கிறார், கிடங்குக்காரர் விற்றுவிடுகிறார். கல்கத்தாவிலுள்ள முகவருக்கு டெல்லிக்காரர் கம்பெனிக் கடன்பத்திரத்தில் முதலிடப் பணம் அனுப்புகிறார், முகவர் நேர்மையின்றி அதைத் தன் தொழிலில் போடுகிறார். வாங்கும்போது எண்ணம் எப்படி இருந்தது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பொருள் இன்னொருவருடையதாகவே இருந்து, காப்பதற்காக அல்லது குறித்த செயலுக்காக இவரிடம் வந்தது. அதை நேர்மையின்றித் தனதாக்கினார். அது போதும்.

இரண்டு தொகுப்பையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. அவுரிக்காரன் வாங்கிய முன்பணம் அவனுடையதாகிவிட்டது. கிடங்குக்காரர் வாங்கிய சாமான் அவருடையதாகவில்லை. நேரம் என்ற கேள்விக்கு முன்னால் உரிமை என்ற கேள்வி நிற்கிறது. நேரத்தை மட்டுமே பேசும் பாடநூல் சூத்திரம் இதைச் சற்று மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

ஒப்படைப்பு என்றால் என்ன

சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் இந்த முதல் கேள்வியை அழுத்தியது. 1953இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்ற செல்லூர் மனக்கல் நாராயண இட்டிரவி நம்பூதிரி வழக்கில், நம்பிக்கை மோசடிக்கு முதலாவதாக நிரூபிக்க வேண்டியது ஒப்படைப்பு அல்லது பொருளின் மீதான ஆதிக்கம் என்றும், அதன் பிறகே நேர்மையற்ற கையாடலுக்கு வர வேண்டும் என்றும் சொன்னது. 1968இல் குஜராத் அரசு எதிர் ஜஸ்வந்த்லால் நத்தாலால் வழக்கு இன்னும் தெளிவு. குறித்த பணிக்கென்று அரசு அனுமதியுடன் சிமெண்டு வாங்கியவர் அதை வேறு வழியில் திருப்பினார் என்பது குற்றச்சாட்டு. ஒப்படைப்பு என்றால், கொடுத்தவர் கொடுத்த பிறகும் உரிமையாளராகத் தொடர வேண்டும், வாங்கியவரிடம் நம்பகப் பொறுப்பு ஒன்று உருவாக வேண்டும், வெறும் விற்பனை ஒப்படைப்பு ஆகாது என்று நீதிமன்றம் கூறியது.

இதன் விளைவு சாலை போன்ற கடைத்தெருவுக்கு மிக நேரடியானது. கடனுக்கு விற்ற மிளகும் மல்லியும் வாங்கியவருடையவை. அவர் மூன்றாம் மாதம் மனம் மாறி, ‘தர முடியாது, போ’ என்று வேண்டுமென்றே மறுத்தாலும் அது நம்பிக்கை மோசடி ஆகாது, ஒப்படைப்பு இல்லையே. ஏமாற்றும் ஆகாது, வாங்கும்போது எண்ணம் நன்றாக இருந்ததே. பிறகு கெட்ட எண்ணம், ஒப்படைப்பு இல்லாத பொருளில், எந்தக் குற்றத்திலும் விழாமல் போகிறது. இழந்தவருக்கு இது நியாயமாகத் தெரியாது. ஆயினும் சட்டம் இங்கே அறிந்தே விலகி நிற்கிறது. கடன் தவறிய ஒவ்வொருவரையும் காவல் நிலையத்துக்கு இழுக்கும் வழி திறந்தால், வட்டிக்கு விடுபவர் கையில் அது எப்படி ஆயுதமாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே மிளகை ஒரு விவசாயி கமிஷன் கடையில், விற்றுத் தரச் சொல்லி இறக்கியிருந்தால் கதை மாறுகிறது. விற்கும்வரை சரக்கு விவசாயியுடையது. கமிஷன் கடைக்காரர் அதைத் தன் கடனுக்கு ஈடாக வேறொருவருக்குத் தள்ளிவிட்டால் 316 பேசத் தொடங்கும். தற்காலிகமாகக் கையாண்டேன், பிறகு திருப்பிவிடுவேன் என்பதும் உதவாது. நேர்மையற்ற கையாடல் கொஞ்ச காலத்துக்கானாலும் கையாடலே என்று சட்டம் விளக்கக் குறிப்பாகவே சொல்லியிருக்கிறது.

எண்ணத்தின் தேதியை எப்படிப் படிப்பது

நேர அளவுகோலின் பெரிய பலவீனம் சாட்சியத்தில் இருக்கிறது. எண்ணம் பிறந்த நாளுக்குப் பதிவேடு கிடையாது. பிறகு நடந்ததை வைத்து முன்பு இருந்ததை ஊகிக்க வேண்டும், ஆனால் பிறகு நடந்தது மட்டும் போதாது. 2000இல் ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னது. ஒப்பந்த மீறலுக்கும் ஏமாற்றுக்கும் உள்ள வேறுபாடு நுண்ணியது, தூண்டிய நேரத்து எண்ணத்தைப் பின்னைய நடத்தை காட்டலாம், ஆனால் பின்னைய நடத்தையே ஒரே அளவுகோல் ஆகாது. கேரளத்திலிருந்து சென்ற வேசா ஹோல்டிங்ஸ் வழக்கிலும் 2015இல் அதே கோட்டைப் பிடித்தது. ஒப்பந்தப்படியான கட்டணம் தரப்படவில்லை என்ற புகாரில், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டும் எதுவும் இல்லை என்று குற்ற வழக்கை நீக்கியது.

தேதியைப் படித்துக் காட்டிய நல்ல தீர்ப்பு 1954இன் மகாதேவ் பிரசாத் எதிர் மேற்கு வங்காள அரசு. கல்கத்தாவில் ஒரு வணிகர் 25 வெள்ளீயக் கட்டிகளை, சரக்கு வந்ததும் ரொக்கம் தருவதாகச் சொல்லி வாங்கினார். சரக்கோடு வந்த ஜமாதாரைக் காத்திருக்க வைத்தார், பணம் தரவில்லை. தரத்தான் நினைத்தேன், முடியவில்லை என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் விதியை அவருக்குச் சாதகமாகவே தொடங்கியது. வாக்குக் கொடுத்தபோது தரும் எண்ணம் இருந்திருந்தால், பிறகு தராததால் அது ஏமாற்று ஆகிவிடாது. ஆனால் அவரது வங்கிக் கணக்கு அப்போதே மிகைப்பற்றில் இருந்தது. வந்த வெள்ளீயத்தை அவர் அதே வங்கிக்கு ஈடாகக் காட்டினார். ரொக்கம் தர வழியே இல்லாதபோது ரொக்கம் என்று சொன்னவருக்கு, சொன்ன நேரத்திலேயே தரும் எண்ணம் இல்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

கவனிக்க வேண்டியது, இங்கே தீர்மானித்தது பணம் தராத செயல் அல்ல. வாக்குக் கொடுத்த நாளின் நிதி நிலை. பேச்சு நடந்த நாளன்று இருந்த, அன்றே சரிபார்க்கக்கூடிய ஓர் உண்மை. ஏமாற்று வழக்குகளில் நிற்பவை பெரும்பாலும் இப்படிப்பட்டவை என்று தோன்றுகிறது: பொய்யான முகவரி, இல்லாத உரிமம், மூடப்பட்ட வங்கிக் கணக்கு, ஏற்கெனவே விற்றுவிட்ட நிலம்.

நம்பிக்கை மோசடியில் சாட்சியச் சுமை வேறு இடத்தில் விழுகிறது. 1960இல் ஜெய்கிருஷ்ணதாஸ் மனோகர்தாஸ் தேசாய் வழக்கில், சாயமிடக் கொடுத்த துணியை நிறுவனம் திருப்பித் தரவில்லை. துணி எப்படிக் கைமாறியது என்று துல்லியமாக நிரூபிக்க வேண்டியதில்லை, ஒப்படைப்பு நிரூபணமாகி, கணக்குக் காட்டத் தவறி, சொன்ன விளக்கமும் நம்பத் தகாததாக இருந்தால் நேர்மையின்மையை ஊகிக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. பொருளை ஒப்படைத்தவருக்கு இந்த வழி எளிது. எண்ணத்தின் தேதியைத் தேட வேண்டியதில்லை, கணக்கின் தேதி போதும்.

குதிரைத் தீவனமும் ‘ஒன்றாக நிற்காது’ என்ற தீர்ப்பும்

2024 ஆகஸ்டு 23 அன்று டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் நீதிபதி ஜே.பி. பர்திவாலாவும் நீதிபதி மனோஜ் மிஸ்ராவும் வழங்கிய தீர்ப்பு இந்தப் பழைய விவாதத்தை மறுபடி மேலே கொண்டுவந்தது. பந்தயக் குதிரைகளுக்குத் தானியமும் ஓட்ஸும் பல ஆண்டுகளாக விற்றுவந்தவருக்குச் சுமார் 9 லட்சத்து 11 ஆயிரம் ரூபாய் பாக்கி. உத்தரப் பிரதேச நீதித்துறை நடுவர் அழைப்பாணை அனுப்பினார், அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை நீக்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் நீக்கியது. தீவனம் விற்கப்பட்டது, ஆகவே ஒப்படைப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக நடந்த வியாபாரத்தின் முடிவில் நின்ற பாக்கியில் தொடக்கத்து ஏமாற்றும் தெரியவில்லை. அத்தோடு நீதிமன்றம் பொதுவாகவும் சொன்னது: இரு குற்றங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை, ஒரே நிகழ்வுத் தொகுதியில் சேர்ந்து நிற்க முடியாது. இத்தனை காலத்துக்குப் பிறகும் காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் இந்த வேறுபாடு பிடிபடவில்லை என்று வருத்தப்பட்டு, தீர்ப்பின் நகலைச் சட்ட, உள்துறைச் செயலர்களுக்கு அனுப்பச் சொன்னது.

இந்த நிலைப்பாட்டின் வலிமை தெளிவு. இரண்டு பிரிவுகளையும் பழக்கமாக எழுதிவிட்டு எதற்கும் ஆதாரம் தேடாத வேலையை அது நிறுத்தப் பார்க்கிறது. ஆனால் ‘ஒன்றாக நிற்காது’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்று இடங்களில் சிக்குகிறது.

முதலாவது, நடைமுறைச் சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 221ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 244, எந்தக் குற்றம் என்று ஐயம் இருக்கும்போது பல குற்றங்களைச் சேர்த்தோ மாற்றாகவோ சாட்டலாம் என்கிறது. அதன் எடுத்துக்காட்டே, திருட்டு அல்லது திருட்டுப் பொருள் வாங்கல் அல்லது நம்பிக்கை மோசடி அல்லது ஏமாற்று என்று ஆகக்கூடிய ஒரு செயலைத்தான் சொல்கிறது. அதாவது எண்ணத்தின் தேதி விசாரணைக்கு முன் தெரியாது என்பதைச் சட்டம் எதிர்பார்த்திருக்கிறது. ஆகவே தீர்ப்பை இப்படிப் படிப்பதே பொருந்தும் என்று தோன்றுகிறது: ஒரே பொருளுக்காக இரண்டிலும் தண்டிக்க முடியாது, ஆனால் ஐயம் உண்மையாக இருக்கும் இடத்தில் ‘இது, இல்லையேல் அது’ என்று சாட்டுவது தடுக்கப்படவில்லை. முதல் தகவல் அறிக்கையில் இரண்டு பிரிவும் இருப்பதாலேயே அது வீழ்ந்துவிட வேண்டுமா என்பது இனிமேல் வழக்குக்கு வழக்கு தீர வேண்டிய கேள்வி.

இரண்டாவது, பல கட்டங்கள் கொண்ட பரிவர்த்தனை. முகவர் ஒருவர் பொய் சொல்லி முதல் தொகையைப் பெறுகிறார், பிறகு உண்மையான உறவு ஏற்பட்டு ஒப்படைக்கப்பட்ட இரண்டாம் தொகையைக் கையாடுகிறார். இங்கே நிகழ்வுத் தொகுதி ஒன்றா இரண்டா?

மூன்றாவதுதான் கடினமானது. எண்ணம் முதலிலேயே கெட்டது, ஆனால் பொருள் ஒப்படைப்பாகவே வந்தது. தந்திரத்தால் பெற்றவரை நம்பிக்கைக்குரியவர் என்று எப்படிச் சொல்வது என்று ஒரு தரப்பு கேட்கிறது. கொடுத்தவர் உண்மையாகவே நம்பி ஒப்படைத்தார், வாங்கியவர் உள்ளத்தின் கறை அந்த ஒப்படைப்பை எப்படி அழிக்கும் என்று மறு தரப்பு கேட்கிறது. முதல் தரப்பை ஏற்றால் ஒரு விநோதம் நேர்கிறது. 316இல் குற்றம் சாட்டப்பட்டவர், ‘நான் முதலிலேயே கெட்டவன், ஆகவே இது நம்பிக்கை மோசடி அல்ல’ என்று வாதிட்டுத் தப்ப முயலலாம். மாற்றுக் குற்றச்சாட்டு இருந்தால் இந்த வாதம் அவரை 318க்குள் தள்ளும். இல்லாவிட்டால் தப்பவும் கூடும்.

பட்டறையில் 80 கிராம்

இதைப் பொன்னில் வைத்துப் பார்க்கலாம். உண்மை நிகழ்வல்ல, கடைத்தெருவில் தினம் நடப்பதன் மாதிரி. ஒரு நகைக்கடை 10 பவுன், அதாவது 80 கிராம் தங்கத்தைச் சங்கிலி செய்யப் பட்டறை ஆசாரியிடம் கொடுக்கிறது. தவணை 15 நாள். 16ஆம் நாள் பட்டறை பூட்டிக் கிடக்கிறது, தொலைபேசி அணைந்திருக்கிறது.

பூட்டிய கதவு எதையும் சொல்லாது. கதவுக்குப் பின்னால் குறைந்தது மூன்று கதைகள் இருக்கலாம். பத்தாம் நாள் ஒரு கடன் கழுத்தை நெரிக்க, ஆசாரி தங்கத்தை அடகு வைத்தார்: நம்பிக்கை மோசடி. அந்த வாரத்தில் மட்டும் ஐந்து கடைகளில் வழக்கத்துக்கு மீறி வாங்கினார், பட்டறையைக் காலிசெய்வதாக வீட்டு உரிமையாளரிடம் முன்பே சொல்லியிருந்தார், ஒரு கிராம்கூட உருக்கவில்லை: ஏமாற்று. தங்கம் அவரிடமிருந்து களவுபோனது, பயந்து ஓடினார்: அவர் தரப்பில் குற்றமே இல்லாமலும் போகலாம்.

விசாரிப்பவர் தேட வேண்டியவை இதிலிருந்தே வருகின்றன. அடகுச் சீட்டின் தேதி, பாதி செய்த சங்கிலி உண்டா, அதற்கு முந்தைய ஆண்டு வேலைகள் தவணைக்குத் திரும்பினவா, மற்றக் கடைகளிலிருந்து வாங்கிய தேதிகள். தங்கம் வாங்கிய அன்றே அடகு வைக்கப்பட்டிருந்தால் எண்ணத்தின் தேதி கொடுத்த நாளுக்கு மிக அருகே வந்துவிடுகிறது. பியர் குதிரையை அன்றே விற்றதைப் போல.

இதற்கெல்லாம் முந்திய தாள் ஒன்று உண்டு. தங்கம் வேலைக்குப் போனதென்றால் சரக்கு சேவை வரி விதிப்படி டெலிவரி சலான் இருக்கும், விற்கப்பட்டதென்றால் வரிப் பட்டியல் இருக்கும். சலான் ஒப்படைப்பைக் காட்டும், பட்டியல் விற்பனையைக் காட்டும். பட்டியல் போட்டுக் கடனுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு ‘நம்பி ஒப்படைத்தேன்’ என்று மனு எழுதினால், முதல் கேள்வியிலேயே வழக்கு வழுக்கும். வாய்மொழியாகக் கொடுத்து, பழைய தாளில் எடையை மட்டும் குறித்துவைக்கும் பழக்கம் நம்பிக்கையின் அழகு. ஆனால் நம்பிக்கை உடைந்த நாளில் அதே தாள் இரண்டு பக்கமும் படிக்கப்படும்.

இன்னொரு முடிச்சும் பொன்னுக்கே உரியது. பட்டறையில் பல கடைகளின் தங்கம் ஒன்றாக உருகுகிறது. கடைக்காரர் எதிர்பார்ப்பது தான் கொடுத்த அதே தங்கத்தையா, அதே எடையும் மாற்றும் உள்ள ஏதோ ஒரு தங்கத்தையா? 1869இல் பிரிவி கவுன்சில் தென் ஆஸ்திரேலிய மாவு ஆலை ஒன்றின் வழக்கில், விவசாயிகள் பலரின் கோதுமை பொதுக் குவியலில் கலந்து, ஆலை அதைத் தன் விருப்பப்படி பயன்படுத்தலாம் என்றிருந்ததால், அது காப்புக்குக் கொடுத்ததல்ல, விற்பனையே என்றது. அந்தத் தர்க்கத்தைப் பட்டறைக்கு நீட்டினால் ஒப்படைப்பு கரைந்து, ஆசாரி வெறும் கடனாளி ஆகிவிடுவார். நீட்டக் கூடாது என்பதற்கும் வலுவான காரணம் உண்டு. ஆலை கோதுமையைத் தனக்காக விற்கலாம். ஆனால் ஆசாரி அந்தத் தங்கத்தைத் தனக்காக விற்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. அவருக்குக் கிடைப்பது செய்கூலியும் சேதாரமும் மட்டும். கலப்பது தொழிலின் வசதி, உரிமை மாற்றம் அல்ல என்று கொள்வதே சரியாகப் படுகிறது. ஆனாலும் கணக்கு ஆண்டுக்கணக்கில் கிராம் பாக்கியாகவே ஓடி, வருடத்துக்கு ஒரு முறை நேர்செய்யப்படும் இடங்களில் இந்தக் கோடு மங்கிவிடுகிறது.

தேதியைக் கேட்காத சட்டங்கள்

பொதுமக்களின் சேமிப்பு விஷயத்தில் சட்டமன்றங்கள் இந்த விவாதத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போயிருக்கின்றன. நிதி நிறுவனத்தில் போட்ட பணம் பொதுவாகக் கடன், ஒப்படைப்பு அல்ல. நிறுவனம் தொடக்கத்தில் நேர்மையாகவே நடந்து பிறகு சரிந்தது என்ற வாதமும் எப்போதும் கையிலிருக்கும். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே பணம் விழுந்துபோனது. 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடியபோது வந்த 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், வைப்புத் தொகையைத் திருப்பித் தரத் தவறுவதையே தண்டனைக்குரியதாக்கியது. 2011இல் உச்ச நீதிமன்றம் கே.கே. பாஸ்கரன் வழக்கில் அதை ஏற்றது. கேரளமும் 2013இல் தனக்கென ஒன்றை இயற்றியது. 2019இன் மத்தியச் சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களையே தடைசெய்துவிட்டது. திட்டம் நடத்துவதே குற்றம் என்றால், எண்ணம் எப்போது கெட்டது என்று கேட்கத் தேவை இல்லை.

இதன் விலையையும் சொல்ல வேண்டும். எண்ணத்தைக் கேட்காத சட்டம் நேர்மையாகத் தோற்றவரையும் ஏமாற்றியவரையும் ஒரே வலையில் பிடிக்கக்கூடும். ஆயிரக்கணக்கானோரின் வைப்புத் தொகைக்கு அந்த விலை தகும் என்று வாதிடலாம். இரண்டு வியாபாரிகளுக்கு இடையிலான கடனுக்கு அது தகாது.

தீராமல் நிற்பவை

நேர அளவுகோலைக் கைவிட வேண்டும் என்று யாரும் தீவிரமாகச் சொல்வதாகத் தெரியவில்லை. சொல்லவும் முடியாது, அவுரி எடுத்துக்காட்டு சட்டத்தின் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை முதல் கேள்வியாகக் கேட்பது பெரும்பாலும் தவறான வாசல் வழியே நுழைவது. பொருள் எந்த உரிமையில் கைமாறியது என்பதை முதலில் தீர்த்தால், கடனுக்கு விற்ற வழக்குகளில் நேரம் முழுத் தீர்ப்பையும் சுமக்கிறது, ஒப்படைத்த வழக்குகளில் அதன் சுமை வெகுவாகக் குறைகிறது.

திறந்து நிற்பவை முக்கியமாக இரண்டு. தந்திரத்தால் பெற்ற ஒப்படைப்பு, ஒப்படைப்பா இல்லையா என்பதற்கு டெல்லி ரேஸ் கிளப் தீர்ப்பிலிருந்து நேரடி விடை எடுக்க முடியாது. அந்த வழக்கில் ஒப்படைப்பே இல்லை, ஆகவே இந்தக் கேள்வி எழவே இல்லை. நம்பிக்கை மோசடிக்கு ஒப்படைப்பின் நிரூபணம் போதும் என்பதுபோல அத்தீர்ப்பில் வரும் வாக்கியத்தையும் தனியே பிரித்துப் படிக்கக் கூடாது. நேர்மையற்ற கையாடல் இல்லாமல் 316 நிறைவடைவதில்லை. மற்றது, கலந்து உருகும் தங்கம், கிராம் பாக்கியாக ஓடும் கணக்கு, விற்றால் எடு விற்காவிட்டால் திருப்பு என்ற சரக்கு போன்ற கடைத்தெருப் பழக்கங்களில் உரிமை எந்தக் கணத்தில் மாறுகிறது என்பது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கடைசி வகைக்கு ஒரு விடை வைத்திருக்கிறது: ஏற்றதாகக் காட்டும்போது, அல்லது திருப்பாமல் குறித்த காலம் கடந்தபோது உரிமை மாறும். அந்தக் காலம் கடந்த மறுநாள் அதே சரக்கை ஒருவர் நேர்மையின்றி விற்றால், முந்தைய நாள் வரை நம்பிக்கை மோசடியாக இருந்திருக்கக்கூடியது அன்று வெறும் கடன் பாக்கி ஆகிறதா? அங்கே தேதி மறுபடி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆனால் அது எண்ணத்தின் தேதி அல்ல, உரிமையின் தேதி.